திங்கட்கிழமை காலை கறுப்பு முடியோடு பள்ளிக்குப் போக வேண்டும்

"அக்கா, எனக்கு 16 வயது. இன்னும் மூன்று வாரத்தில், ஒரு சனிக்கிழமை மாலை, எங்கள் நடனக் குழுவின் நிகழ்ச்சி இருக்கிறது. எல்லோரும் முடியின் கீழ்ப்பாதியில் நீல நிறம் வைக்கப் போகிறோம். ஆனால் திங்கட்கிழமை பள்ளிக்கு இயற்கை நிறத்தில்தான் போக வேண்டும். போன வருடம் ஒரு பெண்ணை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் முடி நல்ல கறுப்பு, நடு முதுகு வரை இருக்கும். ஒன்றரை வருடத்துக்கு முன்பு ஸ்மூத்தனிங் செய்தேன். என் தோழி செமி பெர்மனென்ட் நீல டை ஒன்று வைத்திருக்கிறாள். எட்டு முறை அலசினால் போய்விடுமாம், ஆனால் அதற்கு முன்னால் நுனியை ப்ளீச் செய்ய வேண்டுமாம். செய்யலாமா?"

வேண்டாம் மா. ப்ளீச்சும் வேண்டாம், அந்த டையும் வேண்டாம். உனக்குச் சரியாக வரக்கூடியவை இரண்டுதான். ஒன்று முடியின் மேல் பூசி அலசினால் போகும் நிற மெழுகு, அதாவது கலர் வேக்ஸ், மற்றொன்று கிளிப் வைத்த நீல முடிக்கற்றை. இரண்டில் எது என்பதை நானோ உன் தோழியோ சொல்ல முடியாது. உன் முடியில் ஒரு சின்ன சோதனை செய்து பார்த்தால் அதுவே சொல்லிவிடும். மூன்று வாரம் கையில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாய், அதனால் சோதனைக்கு நேரம் தாராளமாக இருக்கிறது. எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வருபவை.

முதலில் அந்த எட்டு அலசல் கணக்கைப் பார்ப்போம். ஒரு முடியைப் பெரிதாக்கிப் பார்த்தால், அதன் மேல்பக்கம் ஓடு வேய்ந்த கூரை மாதிரி இருக்கும். மெல்லிய செதில்கள் ஒன்றின் மேல் ஒன்றாக, நுனியை நோக்கிச் சரிந்து படுத்திருக்கும். அதற்குள்ளே இருக்கும் தடிமனான பகுதியில்தான் உன் முடிக்குக் கறுப்பு தரும் மெலனின் இருக்கிறது. கலர் வேக்ஸ், ஸ்பிரே, சாக் போன்றவற்றில் இருக்கும் நிறத்துகள்கள் பெரியவை. ஓட்டின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கும், ஷாம்பூ போட்டால் இறங்கிவிடும். செமி பெர்மனென்ட் டையில் நிற மூலக்கூறுகள் சிறியவை. அவை செதிலுக்கு அடியில் நுழைந்து உட்கார்ந்து, ஒவ்வொரு அலசலிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். பெர்மனென்ட் டை பெராக்சைடின் துணையோடு உள்ளே போய், அங்கேயே புது நிறமாக உருவாகிவிடும்.

எட்டு முறை என்பது செதில்கள் ஒழுங்காகப் படுத்திருக்கும் முடிக்குப் போட்ட கணக்கு. ப்ளீச் செய்த முடியில் செதில்கள் தூக்கிக்கொண்டு நிற்கும், உள்ளேயும் பஞ்சு மாதிரி ஓட்டைகள் விழுந்திருக்கும். அதில் போன நீலம் எட்டு அலசலில் வெளியே வராது. இருபது அலசல் ஆன பிறகும் பாசி நிறத்தில் ஒரு கறையாக நிற்பதை எத்தனையோ தலைகளில் பார்த்திருக்கிறேன். ஒரே டப்பா டை, இரண்டு தலையில் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். தற்காலிகம் என்று அட்டையில் எழுதியிருக்கலாம், ஆனால் எவ்வளவு காலம் என்பதை முடிவு செய்வது உன் முடிதான்.

ப்ளீச்சுக்கு அந்தக் கணக்கே கிடையாது. அது நிறம் சேர்ப்பதில்லை, இருக்கிற மெலனினைக் கரைத்துவிடுகிறது. கறுப்பு முடியை ஒரு முறை ப்ளீச் செய்தால் பெரும்பாலும் செம்பு அல்லது ஆரஞ்சு நிறம்தான் வரும். அதன் மேல் நீலம் போட்டால் சேறு மாதிரி தெரியும். இன்னொரு முறை செய்து மஞ்சளுக்குக் கொண்டுவந்து நீலம் போட்டால் பச்சை அடிக்கும். சுத்தமான நீலம் விழ வேண்டுமானால் வெளிறிய மஞ்சள் வரை போக வேண்டும். ஏற்கனவே ஸ்மூத்தனிங் பார்த்த நுனி அவ்வளவு தூரம் தாங்காது, ரப்பர் மாதிரி இழுபட்டு அறுந்துவிடும். நீலம் போன பிறகும் அடியில் இருக்கும் மஞ்சள் போகாது. முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். முதுகு வரை இருக்கும் முடியில் நுனி அப்படியே தொங்கும், வெட்டினால்தான் போகும்.

சரி, கறுப்பு முடியில் ப்ளீச் இல்லாமல் நீலம் தெரியுமா என்று கேட்பாய். ஓவிய வகுப்பில் கறுப்பு அட்டையில் வாட்டர் கலர் பூசிப் பார்த்திருக்கிறாயா? ஒன்றும் தெரியாது. அதே அட்டையில் போஸ்டர் கலர் பூசினால் பளிச்சென்று தெரியும். செமி பெர்மனென்ட் டை வாட்டர் கலர் மாதிரி ஒளி ஊடுருவும் நிறம், அதனால்தான் அடியில் இருக்கும் கறுப்பை வெளுக்கச் சொல்கிறார்கள். கலர் வேக்ஸ் போஸ்டர் கலர் மாதிரி. அதில் மெழுகோடு வெள்ளை நிறமியும் மைக்காவும் நீல நிறமியும் கலந்திருக்கும், அடியில் என்ன இருந்தாலும் மூடிவிடும். ஒரு விதத்தில் கறுப்பு முடிக்காரர்களுக்கு இது வசதி. மேலே உட்காரும் நிறம்தான் நமக்குக் கண்ணுக்குத் தெரிகிறது, அதுவேதான் அலசினால் போகிற நிறமும். மெல்லிய மஞ்சள் முடி உள்ளவர்களுக்கு அந்த வசதி இல்லை, ஒரு நாள் ஸ்பிரேகூட அவர்கள் முடியில் கறை விட்டுவிடும்.

வேக்ஸ் வாங்கும்போது டப்பாவின் பின்பக்கம் பொருட்பட்டியலைப் படி. டைட்டானியம் டையாக்சைடு, மைக்கா, அல்ட்ராமரைன், அயர்ன் ஆக்சைடு போன்ற பெயர்கள் இருந்தால், அல்லது நிற எண்கள் 77 என்று தொடங்கினால் (77891, 77007 என்பது போல), அவை தண்ணீரில் கரையாத தாது நிறமிகள். மேலே உட்காருபவை. பேசிக் புளூ 99 என்று பேசிக்கில் தொடங்கும் பெயரோ, எச்.சி. என்று தொடங்கும் பெயரோ இருந்தால், டப்பாவில் வேக்ஸ் என்று எழுதியிருந்தாலும் உள்ளே செமி பெர்மனென்ட் டையில் இருப்பது போன்ற நேரடிச் சாயம் கலந்திருக்கிறது. அது முடியைப் பிடித்துக்கொள்ளும். ஒரே அலசலில் போகும் என்று எழுதியிருந்தும் போகாமல் நிற்பவை பல நேரம் இந்த வகைதான். அதை விட்டுவிடு.

இப்போது உன் தலையில் கவலைப்பட வேண்டிய இடம் எது என்று பார்ப்போம். ஸ்மூத்தனிங் செய்து 18 மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு வளர்ந்தது தோராயமாக 18 செ.மீ. தலை உச்சியிலிருந்து வளர்ந்த முடியானால் தாடை அளவுக்கு இறங்கும் பகுதி அது, புது முடி. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் மருந்தும் சூடும் பார்த்த முடி. நீங்கள் நீலம் வைக்கப் போவது கீழ்ப்பாதியில், அதாவது முழுக்க முழுக்க இந்தப் பழைய பகுதியில். ப்ளீச் அளவுக்கு மோசமில்லை என்றாலும், செதில்கள் கொஞ்சம் தூக்கியிருக்க வாய்ப்பு உண்டு. அங்கேதான் நீலம் சிக்கும். அதனால் சோதனையையும் அந்த இடத்தில்தான் செய்ய வேண்டும். காதுக்குப் பக்கத்தில் இருக்கும் புதுமுடியில் பூசிப் பார்த்து, கறை இல்லை என்று நிம்மதி அடைந்தால், அது தப்பான நிம்மதி.

இந்த வாரக் கடைசியிலேயே செய்துவிடு. பின் தலையில், உள்பக்கமாக, ஒரு பென்சில் தடிமனுக்கு முடியைப் பிரித்து எடு. அதன் கடைசி 10 செ.மீ. நுனியில் வேக்ஸைப் பூசி, காயவைத்து, நிகழ்ச்சி நாளில் எத்தனை மணி நேரம் தலையில் இருக்குமோ அத்தனை மணி நேரம் விடு. மாலை மூன்று மணிக்குப் பூசி ராத்திரி பதினொன்றுக்கு அலசுவாய் என்றால் எட்டு மணி நேரம். பத்து நிமிடம் வைத்துப் பார்த்துவிட்டு அலசினால் அது சோதனையே இல்லை. அப்புறம், கீழே நான் எழுதியிருக்கும் முறையில் அலசு. முடி முழுசாகக் காய்ந்த பிறகு, பகல் வெளிச்சம் வரும் ஜன்னல் பக்கத்தில் நின்று, அந்தக் கற்றைக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளை வை. பக்கத்தில் பூசாத கற்றை ஒன்றையும் வைத்துப் பார். ஈர முடி எப்போதும் கறுப்பாகத்தான் தெரியும், டியூப் லைட்டில் லேசான நீலம் தெரியாது. வெயிலில் பள்ளி மைதானத்தில் நிற்கும்போதுதான் அது டீச்சர் கண்ணில் படும்.

இரண்டு கற்றையும் ஒரே மாதிரி இருந்தால் வேக்ஸ் போடலாம். நுனியில் சாம்பல் பூத்தது போலவோ, பச்சை நிழல் அடிப்பது போலவோ இருந்தால் உனக்கு வேக்ஸ் கிடையாது, கிளிப் கற்றைதான். நடுவில் ஒரு முடிவும் இல்லை. கொஞ்சம்தானே தெரிகிறது, பரவாயில்லை என்று போடாதே. பென்சில் தடிமன் கற்றையில் கொஞ்சமாகத் தெரிவது பாதித் தலையில் நன்றாகவே தெரியும்.

முடிச் சோதனையோடு தோல் சோதனையும் செய். முழங்கை மடிப்பின் உள்பக்கம் ஒரு பொட்டு அளவு தடவி, 48 மணி நேரம் கவனி. அரிப்போ சிவப்போ தடிப்போ வந்தால் கழுவிவிட்டு அந்தப் பொருளைத் தூர வை. வேக்ஸில் வாசனைப் பொருளும் கெடாமல் இருக்கச் சேர்ப்பதும் இருக்கும். எல்லோர் தோலும் அவற்றை ஏற்காது.

சோதனை தேறிவிட்டது என்று வைத்துக்கொண்டு, நிகழ்ச்சி நாளுக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி தலைக்கு ஷாம்பூ போட்டு அலசு. சனிக்கிழமை தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது, இருந்தால் நிறம் திட்டுத் திட்டாக விழும். பூசுவதற்கு முன் முடியைத் தண்ணீர் தெளித்து, துண்டால் துடைத்த ஈரத்துக்குக் கொண்டுவா. சொட்டக் கூடாது, உலர்ந்தும் இருக்கக் கூடாது. உன் நுனி பழசு என்பதால், அலசத் தேவையில்லாத லீவ் இன் கண்டிஷனரை ஒரு துளி எடுத்து நுனியில் மட்டும் தேய்த்துக்கொள். நிறம் ஒரு மாற்றுக் குறையும், ஆனால் கறை பிடிப்பதும் குறையும். சோதனைக் கற்றையிலும் இதேபோல் செய்திருக்க வேண்டும், மறக்காதே.

கையுறை போட்டுக்கொள். பழைய டி ஷர்ட் போட்டுக்கொள். நெற்றி ஓரம், காது, பின்கழுத்தில் வாசலின் தடவு. இரண்டு விரல் அகலத்துக்கு மேல் முடியை எடுக்காதே. ஒரு பட்டாணி அளவு வேக்ஸை உள்ளங்கையில் வைத்து, மெழுகு இளகும் வரை தேய்த்து, கற்றையை இரண்டு கைக்கும் நடுவில் வைத்து மேலிருந்து கீழாக வழித்துவிடு. அதிகமாகப் போட்டால் நிறம் கூடாது, பிசுபிசுப்புதான் கூடும். ஒவ்வொரு கற்றையையும் பூசியதுமே அகலப் பல் சீப்பால் ஒரு தடவை வாரிவிடு. ஏனென்றால் காய்ந்த பிறகு வாரக் கூடாது, வாரினால் நிறம் பொடியாக உதிரும். சடை பின்ன வேண்டும் என்றாலும் ஈரத்திலேயே பின்னிவிடு. பிறகு ஹேர் டிரையரை மிதமான சூட்டில் வைத்து முழுசாகக் காயவை. ஸ்ட்ரெய்ட்னரும் கர்லரும் அன்று தொடவே வேண்டாம். மெழுகு சூட்டில் வெந்து முடியோடு ஒட்டிக்கொள்ளும், ஸ்ட்ரெய்ட்னரின் தட்டிலும் ஒட்டும், அப்புறம் இரண்டையும் சுத்தம் செய்வது பெரிய வேலை.

நீங்கள் ஆடப் போகிறீர்கள், வியர்க்கும். வேக்ஸுக்கு எதிரி வியர்வைதான். அது பட்டால் நிறம் இளகிக் கழுத்து வழியாகக் கோடு கோடாக இறங்கும். கீழ்ப்பாதியில் மட்டும் வைக்கிறீர்கள் என்பது நல்லது. அதிலும் முதுகில் படும் முடியை ஆடும் நேரத்தில் சடையாகவோ குதிரைவாலாகவோ தூக்கிக் கட்டிக்கொண்டால் உடையில் கறை படாது. நடன உடை வெள்ளை என்றால் எனக்கு வேக்ஸே பிடிக்காது, நேரே கிளிப்புக்குப் போகச் சொல்வேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் எவ்வளவு அசதியாக இருந்தாலும் அன்று ராத்திரியே அலசிவிடு. நீலத்தோடு தூங்கினால் தலையணையில் தேய்ந்து தேய்ந்து நிறமி செதிலுக்குள் ஏறும். அலசும்போது எல்லோரும் செய்யும் தவறு, நேராகத் தண்ணீரில் நனைப்பது. மெழுகுக்கு எண்ணெய்தான் கரைப்பான், தண்ணீர் இல்லை. உலர்ந்த முடியிலேயே, நீலம் இருக்கும் பகுதி முழுக்க, ஏதாவது ஒரு தலை எண்ணெயையோ கண்டிஷனரையோ தாராளமாகத் தடவு. விரலால் மேலிருந்து கீழாக வழித்துக்கொண்டே இரு. பத்து நிமிடத்தில் மெழுகு இளகிக் கையெல்லாம் நீலமாகும். அதை ஒரு பழைய துணியால் துடைத்து எடு. பாதிக்கு மேல் இங்கேயே போய்விடும். இதற்கப்புறம்கூட உடனே தண்ணீர் ஊற்றாதே. எண்ணெய் இருக்கும் முடியிலேயே ஷாம்பூவைத் தேய், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்து நுரை வரவை, பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் அலசு. முதல் நுரை அழுக்கு நீலமாக இருக்கும். இரண்டாவது ஷாம்பூவில் நுரை வெள்ளையாக வர வேண்டும். கடைசியாக அலசும் தண்ணீரை ஒரு வெள்ளைக் குவளையில் பிடித்துப் பார். அது தெளிவாக இருந்தால் வேலை முடிந்தது. கண்டிஷனர் போட்டு முடித்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடியும் ஜன்னல், வெள்ளைத் தாள். லேசாக ஏதாவது தெரிந்தால் எண்ணெய், ஷாம்பூ இரண்டையும் இன்னொரு முறை செய். எண்ணெய்ப் பிசுக்கை நன்றாக எடுக்கும் கிளாரிஃபையிங் ஷாம்பூ கிடைத்தால் இந்த ஒரு தடவைக்கு அதைப் பயன்படுத்து. பேக்கிங் சோடா, பாத்திரம் துலக்கும் சோப்பு என்று யார் சொன்னாலும் கேட்காதே. அவை செதிலை இன்னும் தூக்கிவிடும், மிச்சம் இருக்கும் நிறம் அதிலேயே சிக்கும்.

என்னிடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உன் தோழி சொன்னதை அவள் செய்து முடித்திருந்தாள். உன் வயதுதான். வீட்டிலேயே அக்கா கையால் நுனியை ஒரு சாண் அளவுக்கு ப்ளீச் செய்துகொண்டு, அதன் மேல் நீல டை. வாரக் கடைசி முடியும் முன்பே அலச ஆரம்பித்தவள் ஐந்து முறை அலசியிருக்கிறாள். நீலம் போகப் போக அடியில் இருந்த மஞ்சள் மேலே வந்து, நுனி முழுக்கப் பச்சை. ஞாயிறு மாலை அவள் அம்மா கறுப்பு டை வாங்கிக்கொண்டு வந்து, இதைப் போட்டு மூடிவிடுங்கள் என்றார். நான் போடவில்லை. வீட்டில் போடும் கறுப்பு டைகளில் பெரும்பாலும் பி.பி.டி. என்ற பொருளோ அதன் உறவுக்காரப் பொருளோ இருக்கும். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முகமே வீங்கிவிடும். ஒரு முறை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க இருக்கும். அதற்கு 48 மணி நேரச் சோதனை தேவை, எங்களிடம் இருந்தது பன்னிரண்டு மணி நேரம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த வகை டைகளின் மேல் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கானது அல்ல என்று அச்சிட வேண்டும் என்பது விதி. இதற்கு முன் கையில் கறுப்புத் தற்காலிக டாட்டூ போட்டு அரித்தவர்களும் போடக் கூடாது என்று அதே எச்சரிக்கையில் இருக்கும். உனக்கு அப்படி எப்போதாவது அரித்திருந்தால் அதை உன் தலையைத் தொடும் ஒவ்வொருவரிடமும் சொல்.

அந்தப் பெண்ணுக்கு என்ன செய்தேன் என்றால், பச்சைக்கு எதிர் நிறம் சிவப்பு. அவள் ஏற்கனவே போட்டுத் தொந்தரவு வராத அதே கம்பெனியின் நேரடிச் சாய வரிசையிலேயே செம்பழுப்பை எடுத்து, தலைத்தோலில் படாமல் நுனியை மட்டும் ஃபாயிலில் சுற்றிப் போட்டேன். முதல் இருபது நிமிடத்தில் பச்சை மங்கி, ஒரு களிமண் நிறம் வந்தது. அலசிவிட்டு அடர் பழுப்பை மேலே போட்டதும்தான் மற்ற முடியோடு சேர்ந்தது. அதுவும் நிரந்தரம் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பழுப்பு வெளிறி, அடியில் இருந்த பச்சை மஞ்சளாக எட்டிப் பார்க்கும், அவள் மறுபடி வருவாள். கடைசியில் கோடை விடுமுறையில் அந்த ஒரு சாணையும் வெட்டிவிடச் சொன்னாள். வெட்டும்போது கண்ணாடியைப் பார்க்காமல் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு சாண் வளர இரண்டு வருடம் ஆகும் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

இனி கிளிப். சோதனையில் கறை தெரிந்தாலும், உடை வெள்ளையானாலும், குழுவில் எல்லோருக்கும் ஒரே நீலம் வேண்டும் என்றாலும் இதுதான் நல்லது. எத்தனை பேர் இருந்தாலும் நிறம் ஒன்றாக இருக்கும், வேக்ஸில் ஒவ்வொருவர் முடிக்கும் ஒவ்வொரு மாதிரி விழும். செயற்கை முடிக்கற்றைகள் போதும். காது மேல்நுனி உயரத்தில் வகிடு எடுத்து, மேல் முடியைத் தூக்கிக் கட்டு. கிளிப் உட்காரும் இடத்தில் வேர்ப்பக்கத்தைச் சீப்பால் இரண்டு முறை எதிர்ப்புறமாக வாரி லேசாகச் சிக்காக்கினால் பிடி கிடைக்கும். கிளிப்பை அதில் மாட்டி, மேல் முடியை இறக்கிவிடு. நெற்றி ஓரத்து மெல்லிய முடியில் மாட்டாதே, இழுக்கும். ஆடும்போது நழுவாமல் இருக்க ஒவ்வொரு கிளிப்பின் மேலும் இரண்டு ஊசிகளைக் குறுக்காகப் போடு. பெரும்பாலான செயற்கை முடி சூடு தாங்காது, ஸ்ட்ரெய்ட்னர் பட்டால் உருகிவிடும். ராத்திரி கழற்ற ஒரு நிமிடம். திங்கட்கிழமை பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஸ்பிரே, சாக் இரண்டையும் உங்கள் குழுவில் யாராவது பேசுவார்கள். ஸ்பிரே வேகமாக வேலை முடிக்கும், ஆனால் அதில் ஆல்கஹால் இருப்பதால் ஏற்கனவே வறண்ட நுனியை இன்னும் வறட்டும், மூடிய அறையில் அடித்தால் மூச்சு முட்டும். தீப்பிடிக்கக்கூடியது என்பதால் அடுப்போ விளக்கோ பக்கத்தில் இருக்கக் கூடாது. இழுப்பு உள்ள பிள்ளை யாராவது குழுவில் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். சாக் ஒன்றிரண்டு இழைகளுக்குச் சரி, பாதி முடிக்குப் போட்டால் மேடை முழுக்கப் பொடி உதிரும்.

இன்னொரு யோசனையும் வரும். உள்பக்கம் பின்கழுத்துப் பகுதியில் மட்டும் நிரந்தரமாக நிறம் போட்டு, மேல் முடியால் மூடிக்கொள்ளலாம் என்பார்கள். முடியை விரித்துவிட்டுப் போகும் இடத்தில் அது மறையும். பள்ளியிலோ வேலையிடத்திலோ முடியைக் கட்டச் சொல்வார்கள். குதிரைவால் போட்டதும் முதலில் வெளியே தெரிவது பின்கழுத்து முடிதான். சடையைப் பிரித்துப் பின்னினால் ஒவ்வொரு மடிப்பிலும் தெரியும். மருதாணிப் பொடியும் தற்காலிகம் இல்லை. இயற்கைப் பொருள் என்பதால் அலசினால் போய்விடும் என்று நினைத்துப் போட்டுக்கொண்டு வருபவர்கள் நிறைய. அதன் செம்மை முடியின் புரதத்தோடு பிணைந்துவிடும், கறுப்பு முடியிலும் வெயிலில் தெரியும்.

அந்த நீல டை டப்பாவைத் தோழியிடமே கொடுத்துவிடு. அவள் முடி ப்ளீச் பார்த்ததா, அவளும் திங்கட்கிழமை உன் பள்ளிக்குத்தான் வருகிறாளா என்று கேள். அப்படியானால் இந்தச் சோதனையை அவளுக்கும் சேர்த்துச் செய். உன் கற்றையும் அவள் கற்றையும் ஒரே தாளில், ஒரே ஜன்னலில் இருக்கட்டும். பார்த்துவிட்டு எனக்கு எழுது. கறை தெரிந்தால் எந்த நிறத்தில் தெரிகிறது, நுனியில் மட்டுமா அல்லது மேல் வரையிலா என்று சரியாகக் குறித்து அனுப்பு. நிகழ்ச்சிக்கு முன்னால் அதற்குப் பதில் சொல்ல நேரம் இருக்கிறது.